பதினைந்தா, பதினாறா?

ஆபரேட்டிங் சிஸ்டம் லேபில் ஒரு நாள் இரண்டு ரெக்கார்டு நோட்டுகள் கையெழுத்துக்காக என் மேசைக்கு வந்தன. பயிற்சி ஒன்றுதான், உள்ளீடும் ஒன்றுதான். மூன்று வேலைகள், மூன்று வரிசைகள். வேலைகள் வந்து சேர்ந்ததிலிருந்து முடியும்வரை ஆன நேரத்தின் சராசரி, அதாவது லேபில் டர்ன்அரவுண்ட் டைம் என்று சொல்வது, ஒரு நோட்டில் 15 மில்லி செகண்ட் என்றிருந்தது. இன்னொன்றில் 16. எழுதிய இரண்டு பேரும் அடுத்தடுத்த கணினியில் உட்காரும் தோழிகள்.

"யாரோடது சார் ரைட்டு?" என்றாள் ஒருத்தி.

"காப்பி அடிக்கலன்னு மட்டும் தெரியுதும்மா" என்றேன். இரண்டு நிரல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்த்தோம். வித்தியாசம் ஒரே வரியில் இருந்தது. அந்த வரி இரண்டிலுமே இருந்தது. உட்கார்ந்திருந்த இடம்தான் வேறு. அந்த ஒரு வரியின் கதைதான் இது.

கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். மெஷின் ஒன்றுதான். ஒருவர் கையில் ஹால் டிக்கெட், ஒரு பக்கம். அவருக்கு முன்னால் நிற்பவர் கையில் 300 பக்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட். வந்த வரிசைப்படியே எடுத்துக் கொடுத்தால் ஒரு பக்கக்காரர் பரீட்சையைத் தவற விடுவார். சின்ன வேலையை முதலில் முடித்துவிடலாம் என்றால், எது சின்ன வேலை என்று கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? கேட்டால் எல்லோரும் "ரெண்டே பக்கம்தான் அண்ணா" என்பார்கள்.

கணினியின் சிபியுவுக்கும் இதே சிக்கல்தான். ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் அதில் ஓட்ட முடியும் என்று வைத்துக்கொள்வோம். காத்திருக்கும் வேலைகளில் எதை எடுப்பது, எவ்வளவு நேரம் ஓட விடுவது என்று முடிவு செய்வது ஷெட்யூலர். எந்த வேலை எவ்வளவு நேரம் ஓடும் என்பது அதற்கு முன்கூட்டித் தெரியாது. ஒரு எழுத்தைத் திரையில் காட்டிவிட்டு ஓய்வெடுக்கும் எடிட்டரும், மணிக்கணக்கில் கணக்குப் போடும் நிரலும் வந்து நிற்கும்போது ஒரே மாதிரிதான் இருக்கும்.

மல்டிலெவல் ஃபீட்பேக் க்யூ என்ற முறை இதற்குக் கண்டுபிடித்த வழி, யாரையும் எதுவும் கேட்காமல் இருப்பது. வருகிற எல்லோரையும் சின்ன வேலைக்காரர் என்றே நம்பி முதல் வரிசையில் நிறுத்து. கொஞ்ச நேரம் கொடு. அதற்குள் முடித்தால் சந்தோஷம். முடிக்காவிட்டால் இது பெரிய வேலை என்று தெரிந்துவிட்டது. ஒரு படி கீழே உள்ள வரிசைக்கு அனுப்பு. கீழ் வரிசைக்காரருக்கு மேல் வரிசை காலியாக இருக்கும்போதுதான் முறை வரும். ஆனால் முறை வந்தால் கொஞ்சம் நீளமாக ஓடலாம். இப்படி ஒரே தடவையில் ஓடக் கொடுக்கும் நேரத்துக்குத்தான் குவாண்டம் என்று பெயர்.

லேபில் நாங்கள் வைத்திருந்த விதி இது. மூன்று வரிசைகள். மேலே `Q0`, அதன் குவாண்டம் 4 மில்லி செகண்ட். நடுவில் `Q1`, 8. அடியில் `Q2`, 16. குவாண்டம் தீர்ந்தும் வேலை முடியாவிட்டால் ஒரு படி இறக்கம். அடி வரிசைக்குக் கீழே போக இடமில்லை என்பதால் அங்கே இருப்பவர்கள் மாறி மாறி ஓடுவார்கள். கீழ் வரிசை வேலை ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது மேல் வரிசைக்கு ஆள் வந்தால், ஓடுவதை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு வந்தவரை ஓட்ட வேண்டும்.

நிஜ ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள் கை வைக்காமல் இதை சி மொழியில் பாவனையாகச் செய்து பார்ப்பதுதான் பயிற்சி. கடிகாரம் என்பது ஒவ்வொன்றாகக் கூடும் ஒரு எண். ஒவ்வொரு மில்லி செகண்டுக்கும் நிரல் செய்வது இவ்வளவே:

```c
p->used++;
p->remaining--;
if (p->remaining == 0)
    finish(p);
else if (p->used >= quantum[p->level])
    demote(p);
```

`remaining` என்பது மீதமுள்ள வேலை. அதை ஷெட்யூலர் பார்க்கக் கூடாது. வேலை முடிந்ததா என்று நமக்குத் தெரிவதற்காக மட்டுமே அது இருக்கிறது. ஷெட்யூலருக்குச் சொந்தமானது `used`. இந்த வரிசையில் இந்த வேலை இதுவரை எவ்வளவு நேரம் தின்றது என்ற கணக்கு. ஒரு வேலையைப் பற்றி ஷெட்யூலருக்குத் தெரிந்ததெல்லாம் அது நிற்கும் வரிசையும் இந்தக் கணக்கும்தான்.

இப்போது அந்த உள்ளீடு. `P1` பூஜ்யத்தில் வருகிறது, 20 மில்லி செகண்ட் வேலை. `P2` இரண்டில் வருகிறது, 3 மில்லி செகண்ட். `P3` பத்தில் வருகிறது, 6 மில்லி செகண்ட்.

முதல் பத்து மில்லி செகண்டில் இரண்டு தோழிகளுக்கும் சண்டையே இல்லை. `P1` தன் 4-ஐ ஓடித் தீர்த்து `Q1`-க்கு இறங்குகிறது. இரண்டிலேயே வந்துவிட்ட `P2`, ஓடிக்கொண்டிருந்த `P1`-ம் தன் வரிசைக்காரர் என்பதால் பொறுத்திருந்து, 4-ல் தொடங்கி 7-ல் முடித்துவிட்டுப் போகிறது. மேலே யாரும் இல்லை. `P1` மறுபடி ஓடுகிறது, இம்முறை 8 வரை ஓட உரிமையோடு. மூன்று மில்லி செகண்ட் ஓடியிருக்கும்போது, 10-ல், `P3` வந்து முதல் வரிசையில் நிற்கிறது. `P1` வழிவிடுகிறது. `P3` தன் 4-ஐ ஓடி முடித்து, இன்னும் 2 பாக்கி வைத்துக்கொண்டு `Q1`-ல் `P1`-க்குப் பின்னால் போய் நிற்கிறது.

மணி 14. `P1` திரும்ப ஓட வேண்டும். எவ்வளவு நேரம்?

முதல் தோழியின் நிரல் சொல்கிறது: எட்டில் மூன்றை ஏற்கெனவே ஓடிவிட்டாய், பாக்கி ஐந்து. இரண்டாவது தோழியின் நிரல் சொல்கிறது: புதிதாக எட்டு. கேன்ட் சார்ட்டின் கடைசிப் பகுதி இப்படிப் பிரிகிறது:

```
P1[Q1] 14-19 | P3[Q1] 19-21 | P1[Q2] 21-29
P1[Q1] 14-22 | P3[Q1] 22-24 | P1[Q2] 24-29
```

இரண்டிலும் `P1` 29-ல்தான் முடிகிறது. அதற்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இரண்டே மில்லி செகண்ட் பாக்கியோடு நின்ற `P3`-தான் 21-க்குப் பதில் 24-ல் வெளியே வருகிறது. முதல் கணக்கில் மூவரின் நேரம் 29, 5, 11, சராசரி 15. இரண்டாவதில் 29, 5, 14, சராசரி 16. வரிசைகளே இல்லாமல் வந்தபடி ஓட்டியிருந்தால் 20 ஆகியிருக்கும்.

காரணம் `p->used = 0;` என்ற வரி. முதல் தோழி அதை `demote()` என்ற ஃபங்ஷனுக்குள் எழுதியிருந்தாள். வேலை கீழ் வரிசைக்கு இறங்கும்போது பழைய கணக்கு அழிந்து புதுக் கணக்கு தொடங்கும். இரண்டாவது தோழி அதை `dispatch()`-க்குள், அதாவது ஒரு வேலையைக் கையில் எடுத்து ஓட்டத் தொடங்கும் இடத்தில் எழுதியிருந்தாள். அதனால் வேலை எந்தக் காரணத்துக்காக நின்று திரும்பினாலும் கணக்கு துடைத்துவிடப்படும்.

"ஒரு மில்லி செகண்டுதானே சார் வித்தியாசம்?" என்றாள் இரண்டாமவள். நியாயமான கேள்வி. இரண்டு விதிகளையும் வைத்து நிரல் எழுதுபவர்கள் உண்டு. விதியைச் சொல்லிவிட்டால் இரண்டு விடையும் சரிதான். ஆனால் இந்த உள்ளீட்டில் இருந்த மூன்று வேலைகளும் அப்பாவிகள். கொஞ்சம் சாமர்த்தியசாலி ஒருவரை வரிசையில் நிறுத்திப் பார்ப்போம் என்று இன்னொரு உள்ளீடு கொடுத்தேன்.

ஜெராக்ஸ் கடைக்கே திரும்புவோம். நான்கு பக்கத்துக்கு மேல் போனால் பின்வரிசை என்பது விதி. ஒருவர் மூன்று பக்கம் எடுத்ததும் "ஒரு நிமிஷம், ஒரு தாளை விட்டுட்டு வந்துட்டேன்" என்று வெளியே போய் உடனே திரும்பி, மறுபடி முன்வரிசையில் நிற்கிறார். இப்படியே நூறு தடவை. கடைக்காரர் பழையதை மறந்துவிடுபவராக இருந்தால், 300 பக்கமும் முன்வரிசையிலேயே எடுத்துவிடலாம்.

நிரலில் இதைச் செய்வது எளிது. 3 மில்லி செகண்ட் ஓடு, குவாண்டம் தீர ஒன்று பாக்கி இருக்கும்போது டிஸ்க்கிலிருந்து எதையோ படிக்கிறேன் என்று சொல்லி 1 மில்லி செகண்ட் விலகு, திரும்பி வா. இந்தத் தந்திரக்காரரை `C` என்போம். `Q2`-ல் நேர்மையாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் ஒரு நீண்ட வேலை `A`. இருவரையும் 100 மில்லி செகண்ட் ஓட விட்டோம்.

இரண்டாம் தோழியின் நிரலில் `C` ஒருபோதும் இறங்கவில்லை. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அதன் `used` பூஜ்யம். நான்கில் மூன்று பங்கு அதற்கு. `C` 75, `A` 25. தந்திரம் இன்னும் கூர்மையானால், குவாண்டத்தின் 99 சதவீதத்தை ஓடிவிட்டு விலகினால், கிட்டத்தட்ட சிபியு முழுவதையும் விழுங்கிவிடலாம்.

முதல் தோழியின் நிரலில் `C` முதலில் 3 ஓடியது, விலகியது, திரும்பி வந்து 1 ஓடியதும் கணக்கில் 4 சேர்ந்துவிட்டது. `Q1`-க்கு இறக்கம். அங்கே 2, 3, 3 என்று மூன்று தவணையில் 8 சேர்ந்தது. மணி 15 ஆகும்போது `C` அடி வரிசையில் `A`-க்குப் பக்கத்தில் நின்றது. அங்கே `A` ஒரு முறையில் 16 ஓடும். `C`-யோ மூன்றோடு விலகும் வழக்கத்தை விடவில்லை. 100 மில்லி செகண்ட் முடிவில் `C` 24, `A` 76. தவணையாகத் தின்றாலும் மொத்தமாகத் தின்றாலும் கணக்கு ஒன்றுதான் என்று ஆனதும் தந்திரமே தண்டனையாகிவிட்டது.

இந்தக் கதாபாத்திரம் நான் கற்பனை செய்தது அல்ல. ஆண்ட்ரூ டானன்பாம் தன் பாடநூலில் பழைய டைம்ஷேரிங் காலத்துக் கதை ஒன்றைச் சொல்கிறார். டெர்மினலில் எண்டர் தட்டினால் அந்தப் பயனரின் வேலை மேல் வரிசைக்கு ஏறிவிடும் என்று ஒரு விதி இருந்தது. ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறார், காக்க வைக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். நீண்ட கணக்கு ஒன்றை ஓட விட்டிருந்த ஒருவர், சில நொடிகளுக்கு ஒரு முறை சும்மா எண்டரைத் தட்டினால் தன் வேலை பறக்கிறது என்று கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததை நண்பர்களுக்கெல்லாம் சொல்லியும் விட்டார்.

அந்தக் காலத்து இயந்திரத்திலிருந்துதான் குவாண்டம் இரட்டிப்பாகும் வழக்கமும் வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவும் உடனிருந்தவர்களும் 1961-ல் சி.டி.எஸ்.எஸ். என்ற டைம்ஷேரிங் சிஸ்டத்தை ஓட்டிக் காட்டினார்கள். 1962-ல் வெளியான அவர்கள் கட்டுரையில் பல அடுக்கு வரிசை முறை விவரிக்கப்பட்டிருக்கிறது. அந்த இயந்திரத்தில் ஒரு பயனரின் நிரலை நிறுத்தி இன்னொருவருடையதை ஓட்ட வேண்டுமென்றால், முன்னதை நினைவகத்திலிருந்து எடுத்து வெளியே எழுதிவிட்டுப் பின்னதை உள்ளே ஏற்ற வேண்டும். ஆள் மாற்றுவதே பெரிய செலவு. அதனால் ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஓடும் நேரம் இரட்டிப்பானது: 1, 2, 4, 8, 16, 32, 64 குவாண்டம். மொத்தம் 100 குவாண்டம் தேவைப்படும் வேலையை ஒவ்வொன்றாக ஓட்டினால் 100 முறை உள்ளே ஏற்ற வேண்டும். இரட்டித்துக்கொண்டே போனால் ஆறாவது முறையில் 63 முடிந்திருக்கும். மீதி 37 ஏழாவது முறையில் தீர்ந்துவிடும். பெரிய நிரலை ஏற்றுவதற்கே நேரம் அதிகம் பிடிக்கும் என்பதால், சி.டி.எஸ்.எஸ்.ஸில் அளவில் பெரிய நிரல்கள் முதல் வரிசையில் அல்லாமல் கீழ்ப் படியிலேயே சேர்க்கப்பட்டன. கோர்பட்டோவுக்கு 1990-ம் ஆண்டின் ட்யூரிங் விருது கிடைத்தது.

கீழே இருப்பவருக்கு நீளமான குவாண்டம் என்பது இரக்கமும் அல்ல, தண்டனையும் அல்ல என்பது இதில் புரியும். அவசரமில்லாதவர் தாமதமாகக் கூப்பிடப்படுவார். கூப்பிட்டால் நிம்மதியாக ஓடுவார். ஆள் மாற்றும் செலவும் மிச்சம். பிற்காலத்தில் சோலாரிஸ் சிஸ்டத்தில் இதே வடிவத்தைப் பார்க்கலாம். அதன் டைம்ஷேரிங் அட்டவணையில் 60 படிகள். மேல் படியில் குவாண்டம் 20 மில்லி செகண்ட், அடிப் படியில் 200.

கணக்கை ஒருபோதும் அழிக்காமல் வைத்திருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. முதல் தோழியின் நிரலையும் வீழ்த்தும் உள்ளீடு ஒன்று உண்டு. அடி வரிசையில் `A` இருக்கிறது. மேலே 2 மில்லி செகண்டுக்கு ஒரு முறை 2 மில்லி செகண்ட் வேலை ஒன்று புதிதாக வந்துகொண்டே இருக்கிறது. யாரும் தந்திரம் செய்யவில்லை, எல்லோரும் குவாண்டத்துக்குள் முடித்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் முதல் வரிசை காலியாவதே இல்லை. கடிகாரம் 1000-ஐத் தொட்ட பிறகும் `A` ஒரு மில்லி செகண்ட்கூட ஓடியிருக்காது. பட்டினி என்றே இதைச் சொல்வார்கள்.

இன்னொரு குறையும் உண்டு. காலையில் நீண்ட கணக்குப் போட்டு அடி வரிசைக்குப் போன ஒரு நிரல், பிறகு பயனரின் விசைக்காகக் காத்திருக்கும் சாது நிரலாக மாறியிருக்கலாம். காலையில் செய்ததற்காக அது நாள் முழுக்கக் கடைசியில் நிற்கும்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே. குறித்த இடைவெளியில், 100 மில்லி செகண்டுக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்வோம், எல்லா வேலைகளையும் முதல் வரிசைக்கு ஏற்றி எல்லோருடைய கணக்கையும் பூஜ்யமாக்குவது. பொது மன்னிப்பு. அப்போது `A` முதல் வரிசையில் தன் முறைக்கு நின்று 4 மில்லி செகண்ட் ஓடும், பிறகு வழக்கம்போல் இறங்கும். அந்த 4 எங்கிருந்தும் சும்மா வரவில்லை. மேலே இருந்த சின்ன வேலைகள் அவ்வளவு தாமதமாகின்றன. அடியில் `A` போலப் பத்து வேலைகள் கிடந்தால், மன்னிப்பு நாளில் அவை மொத்தமாக முன்னால் வந்து நிற்க, எண்டர் தட்டிய ஒருவர் 40 மில்லி செகண்ட் வரை காத்திருக்க நேரும். இடைவெளியைக் கூட்டினால் பட்டினி. குறைத்தால் வரிசைகள் இருப்பதற்கே அர்த்தமில்லை. சரியான எண் இதுதான் என்று சொல்ல சூத்திரம் எதுவும் இல்லை. சோலாரிஸில் இது சுமார் ஒரு நொடி. குவாண்டம் அட்டவணையை நிர்வாகி மாற்றிக்கொள்ளலாம். லினக்ஸ் 2007-ல் வேறு வழிக்குப் போனது: வரிசை, இறக்கம் எதுவும் இல்லாமல், ஒவ்வொரு வேலையும் இதுவரை எவ்வளவு ஓடியிருக்கிறது என்ற கணக்கையே வைத்து, குறைவாக ஓடியவரை எடுத்தது.

லேபில் நிரல் சரியா என்று பார்க்க நான் மூன்று சின்ன உள்ளீடுகளைத்தான் கொடுப்பேன். 20 மில்லி செகண்ட் வேலை ஒன்று மட்டும்: அது 4, 8, 8 என்று மூன்று வரிசைகளிலும் ஓட வேண்டும். சரியாக 4 மில்லி செகண்ட் வேலை ஒன்று: அது `Q1`-ன் பக்கமே போகாமல் முடிய வேண்டும். முடிந்ததா என்று பார்ப்பதற்கு முன்னால் குவாண்டம் தீர்ந்ததா என்று பார்க்கும் நிரலில், செய்ய வேலையே இல்லாத ஓர் ஆவி `Q1`-ல் போய் நிற்கும். மீதி பூஜ்யத்துக்குக் கீழே போவதைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். மூன்றாவது உள்ளீடு `C`. சராசரி எவ்வளவு என்று பார்ப்பதைவிட, அது எந்த மில்லி செகண்டில் அடி வரிசைக்கு வந்தது என்று பார்த்தால் போதும். வரவே இல்லையென்றால், கணக்கு எங்கோ தவறான இடத்தில் அழிகிறது.

அன்று இரண்டு நோட்டுகளிலும் கையெழுத்துப் போட்டேன். 15 என்று எழுதியவளிடம், விடைக்கு மேலே விதியை ஒரு வரியில் எழுதச் சொன்னேன். 16 என்று எழுதியவளிடமும் அதையே சொன்னேன். அவள் `C`-யின் 75-ஐ இன்னொரு தடவை பார்த்துவிட்டு, நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு தன் கணினிக்குப் போனாள். அந்த வரியை அழிக்கவில்லை. வெட்டி `demote()`-க்குள் ஒட்டினாள்.